நடக்காத பரீட்சைக்குத் தவறவிட்ட மூப்பு: தடைதாண்டல் பரீட்சைத் திகதியும் ஓர் அடிப்படை உரிமைத் தீர்ப்பும்

கொழும்பில் தலைமை அலுவலகம் உள்ள ஓர் அரச திணைக்களத்தில் பணிபுரியும் தமிழ்மொழி மூல உத்தியோகத்தர் ஒருவரின் வழக்கு இது. திணைக்களம், சேவை, தரப்பினர் ஆகிய எவற்றின் பெயரும் இங்கு இல்லை. அடையாளம் தெரியாதிருக்க ஆண்டுகள் சற்று நகர்த்தப்பட்டுள்ளன. திகதிகளுக்கு இடையிலான கால அளவுகளில் மட்டும் கை வைக்கவில்லை, ஏனெனில் வழக்கே அந்த இடைவெளிகளில்தான் தங்கியிருந்தது.

பின்னணி

மனுதாரர் திறந்த போட்டிப் பரீட்சை மூலம் தெரிவாகி, 2004.06.01 இல் 3 ஆம் தரத்துக்கு நியமனம் பெற்றார். போட்டிப் பரீட்சையைத் தமிழில் எழுதியவர். நியமனக் கடிதமும் அவரைத் தமிழ்மொழி மூல உத்தியோகத்தர் என்றே குறிப்பிட்டது. ஒரே திகதியில் 74 பேர் நியமிக்கப்பட்டார்கள். ஒரே திகதியில் நியமனம் பெற்றவர்களின் மூப்பு, போட்டிப் பரீட்சையின் திறமை வரிசைப்படி அமையும் என்று ஆட்சேர்ப்புத் திட்டம் சொன்னது. அந்த வரிசையில் அவர் 14 ஆவது.

3 ஆம் தரத்திலிருந்து 2 ஆம் தரத்துக்குப் போக 10 ஆண்டு திருப்திகரமான சேவையும் 10 சம்பள ஏற்றங்களும் வேண்டும். அத்துடன் முதலாவது வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சையில் உரிய காலத்துக்குள் சித்தியடைந்திருக்க வேண்டும். வழக்குக்குப் பொருந்தியது இந்தக் கடைசி நிபந்தனைதான். ஆட்சேர்ப்புத் திட்டத்தில் அது மூன்று உபபிரிவுகளாக இருந்தது. முதலாவது, நியமனத் திகதியிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் சித்தியடைய வேண்டும் என்றது. இரண்டாவது, அதற்குப் பிந்திச் சித்தியடைந்தால் எவ்வளவு காலம் பிந்தியதோ அவ்வளவு காலம் பதவி உயர்வும் பிந்தும் என்றது. மூன்றாவது உபபிரிவைப் பலர் படிப்பதே இல்லை. உரிய திகதிக்கு முன் திணைக்களம் பரீட்சையை நடத்தாதிருந்து, அதற்குப் பின் நடத்தப்படும் முதலாவது பரீட்சையிலேயே உத்தியோகத்தர் சித்தியடைந்தால், அவர் உரிய திகதியிலேயே சித்தியடைந்தவராகக் கொள்ளப்படுவார் என்றது அது.

பரீட்சையை ஆண்டுக்கு இரு முறை நடத்த வேண்டும் என்பதும் அதே திட்டத்தில் இருந்தது. எந்த மொழிமூலத்தில் சேவைக்கு வந்தாரோ அந்த மொழிமூலத்தில் உத்தியோகத்தர் தோற்றலாம் என்றும் இருந்தது.

நடந்தது என்ன

மனுதாரருக்கு உரிய திகதி 2007.06.01. அதற்கு முன் 2006 நவம்பரிலும் 2007 மே மாதத்திலும் பரீட்சை நடந்தது. முதல் பரீட்சைக்கு அவர் தமிழ்மொழி மூலம் விண்ணப்பித்தார். 2006.10.23 திகதியிட்ட கடிதம் ஒன்று வந்தது. தமிழ்மொழி மூல வினாத்தாள்கள் தயாராகாததால் அந்த விண்ணப்பதாரிகளுக்கான பரீட்சை பின்னர் நடைபெறும், திகதி அறிவிக்கப்படும் என்பதே அதன் சாரம். மே பரீட்சைக்கும் விண்ணப்பித்தார், பதிலே இல்லை. விண்ணப்பப் பிரதியில் திணைக்களத் தபால் பிரிவின் பெறுகை முத்திரை மட்டும் விழுந்திருந்தது. தமிழ்மொழி மூலப் பரீட்சை கடைசியில் 2008.11.15 இல் நடந்தது. அவர் எல்லாப் பாடங்களிலும் முதல் தடவையிலேயே சித்தியடைந்தார்.

2016 மார்ச்சில் 2 ஆம் தரப் பதவி உயர்வுக் கடிதம் கிடைத்தது. அமுலுக்கு வரும் திகதி 2015.11.15 என்று அதில் இருந்தது. அவருடன் ஒரே திகதியில் நியமனம் பெற்ற தொகுதியினருக்கு 2014.06.01. கணக்கைப் போட்டுப் பார்த்தால் திணைக்களம் என்ன செய்தது என்பது உடனே தெரியும். 2007.06.01 இலிருந்து 2008.11.15 வரை 1 ஆண்டு 5 மாதம் 14 நாள். அதை அப்படியே 2014.06.01 உடன் கூட்டினால் 2015.11.15 வருகிறது. அதாவது விடயத்துக்குப் பொறுப்பான எழுதுநர் இரண்டாவது உபபிரிவை எந்திரம் போலப் பிரயோகித்திருந்தார். மூன்றாவது உபபிரிவை எவரும் புரட்டிப் பார்க்கவில்லை.

மனுதாரர் 2016 ஏப்ரலில் திணைக்களத் தலைவருக்கு ஒரு முறைப்பாடு எழுதினார். பதில் இல்லை. ஒரு நினைவூட்டலுடன் விட்டுவிட்டார். சம்பளத்தில் ஒன்றரை ஆண்டு வித்தியாசம் என்றால் ஒரு சம்பள ஏற்றம், பெரிய தொகை இல்லை என்பதால் பலரும் இந்தக் கட்டத்தில் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

2018 செப்ரெம்பரில் 2 ஆம் தர உத்தியோகத்தர்களின் மூப்புப் பட்டியல் சுற்றுக்கு விடப்பட்டது. ஓய்வு பெற்றவர்களும் விலகியவர்களும் போக அவர் 12 ஆவதாக இருக்க வேண்டும். பட்டியலில் 61 ஆவதாக இருந்தார். அவருக்கு மேலே போன 49 பேரும் போட்டிப் பரீட்சையில் அவருக்குக் கீழே வந்தவர்கள். 2019 ஜூனில் அத்தியட்சகர் பதவி 11 க்கு விண்ணப்பம் கோரப்பட்டபோது இழப்பின் உண்மையான அளவு தெரிந்தது. 2019.07.31 இல் 2 ஆம் தரத்தில் 5 ஆண்டு பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தொகுதியினருக்கு அது 2019.06.01 இலேயே பூர்த்தி. மனுதாரருக்கு 2020.11.15 இல்தான் பூர்த்தியாகும். அவருடைய விண்ணப்பம் தகைமை இல்லை என்று 2019.08.20 இல் நிராகரிக்கப்பட்டது.

கோவைக்குள் இருந்த குறிப்பு

மூப்புப் பட்டியல் வந்ததும் அவர் ஆட்சேபனை எழுதினார். அதற்கு முன்பே 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பம் ஒன்றைக் கொடுத்திருந்தார். சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். அவர் ஏன் பிந்தியது என்று விளக்கம் கேட்கவில்லை. பெயர் குறித்து ஆவணங்களைக் கேட்டார்: 2006 நவம்பர், 2007 மே, 2008 நவம்பர் பரீட்சைகளின் அறிவித்தல்கள், மொழிமூல வாரியான வரவுப் பதிவேடு, பரீட்சைக் கோவையின் உட்குறிப்புத் தாள்கள். விளக்கம் கேட்டால் விளக்கமே கிடைக்கும். அது பெரும்பாலும் திணைக்களத்தின் நிலைப்பாட்டைத் திருப்பிச் சொல்வதாக இருக்கும். நீதிமன்றத்தில் பயன்படுவது அந்தக் காலத்தில் எழுதப்பட்ட தாள்.

கிடைத்த உட்குறிப்புகளில் ஒன்று வழக்கின் போக்கையே மாற்றியது. 2006 ஒக்டோபரில் பரீட்சைப் பிரிவின் உத்தியோகத்தர் எழுதியது. தமிழ்மொழி மூல விண்ணப்பதாரிகள் 4 பேர் மட்டுமே, வினாத்தாளை மொழிபெயர்க்க ஆள் இல்லை, அவர்களுடைய பரீட்சையை அடுத்த முறைக்குப் பிற்போடலாம் என்று சிங்களத்தில் மூன்று வரி. கீழே மேலதிகாரியின் சிறு ஒப்பமும் 'அங்கீகரிக்கப்பட்டது' என்ற ஒரு சொல்லும். அடுத்த முறைக்கு என்று எழுதப்பட்டாலும் 2007 மே அறிவித்தலிலும் தமிழ் இல்லை. அந்த 4 பேரில் ஒருவர் 2007 மே பரீட்சையைச் சிங்களத்தில் எழுதிச் சித்தியடைந்திருந்தார். இதுவும் வரவுப் பதிவேட்டில் தெரிந்தது. எதிர்த்தரப்பு பின்னர் இதையே பெரிய ஆயுதமாக எடுத்தது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

பதவி உயர்வு வழங்கும் அதிகாரம் அரசியலமைப்பின் 55 ஆம் உறுப்புரையின்படி அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கு உரியது. இங்கு அந்த அதிகாரம் கையளிக்கப்பட்டு, திணைக்களத் தலைவர் அதைப் பிரயோகித்திருந்தார். கையளிக்கப்பட்ட அதிகாரத்தின் கீழ் எடுத்த முடிவுக்கு எதிராக 58 ஆம் உறுப்புரையின் கீழ் ஆணைக்குழுவுக்கே மேன்முறையீடு செய்யலாம். ஆட்சேபனையை அமைச்சு நிராகரித்ததும் 2018 டிசெம்பரில் அந்த மேன்முறையீடு போனது. ஆணைக்குழு அதைக் காலம் கடந்தது என்று திருப்பி அனுப்பவில்லை. திணைக்களத்திடம் அறிக்கை கேட்டு, விடயத்தை ஆராய்ந்து, பரீட்சை உரிய காலத்தில் நடந்திருந்ததால் உபபிரிவு 3 பொருந்தாது என்று 2019.08.05 இல் நிராகரித்தது. கடிதம் பதிவுத் தபாலில் 2019.08.12 இல் கைக்குக் கிடைத்தது. கடித உறை பத்திரப்படுத்தப்பட்டது. தபால் முத்திரை உள்ள உறை இல்லாமல் எப்போது அறிந்தார் என்பதை நிரூபிப்பது சிரமம்.

இதற்குப் பிறகு இரண்டு வழிகள் இருந்தன. ஆணைக்குழுவின் முடிவுக்கு எதிராக 59 ஆம் உறுப்புரையின் கீழ் நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபைக்குப் போகலாம். அல்லது 17 ஆம், 126 ஆம் உறுப்புரைகளின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யலாம். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்கும் வழி, ஆணைக்குழுவின் முடிவுகளைப் பொறுத்தவரை 61அ உறுப்புரையால் அடைபட்டிருக்கிறது. நியாயசபை ஆணைக்குழுவின் முடிவை மாற்றலாம், திருத்தலாம், இரத்துச் செய்யலாம். ஆனால் அத்தியட்சகர் பதவி 11 க்கும் நேர்முகப் பரீட்சை அடுத்த சில வாரங்களில் நடக்கவிருந்தது. அதில் தலையிட்டு, நீதியும் ஒப்புரவுமான எந்தப் பணிப்புரையையும் வழங்கும் அதிகாரம் 126(4) இன் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு இருந்தது. அதனால்தான் இரண்டாவது வழி தெரிவானது.

அந்த வழியின் ஆபத்து ஒரு மாதக் காலவரையறை. 126(2) அதை மீறலின் திகதியிலிருந்து கணக்கிடுகிறது. நிர்வாகத்துக்கு மேன்முறையீடு எழுதிக்கொண்டிருப்பது அந்த ஒரு மாதத்தை நிறுத்தி வைக்காது என்பது 1988 இலிருந்தே உயர் நீதிமன்றம் சொல்லிவரும் விதி. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13(1) ஆம் பிரிவின்படி விசாரணை நிலுவையிலுள்ள காலம் கழிக்கப்படும். முறைப்பாட்டைக் கொடுத்த பற்றுச்சீட்டு மட்டும் இருந்தால் போதாது, விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததைக் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் பல முறை சொல்லியிருக்கிறது. இந்த வழக்கில் அந்தப் பாதுகாப்பில் தங்காமல் 2019.09.09 இலேயே மனுத் தாக்கல் செய்யப்பட்டது. கடிதம் கிடைத்து 28 ஆம் நாள்.

யாரைப் பிரதிவாதிகளாக்குவது என்பதிலும் யோசிக்க வேண்டியிருந்தது. ஆணைக்குழுவின் தலைவரும் உறுப்பினர்களும், அமைச்சின் செயலாளர், திணைக்களத் தலைவர், சட்டமா அதிபர் ஆகியோர் எப்படியும் வர வேண்டும். பட்டியலில் மனுதாரர் மேலே போனால் 49 பேர் தலைக்கு ஓர் இடம் கீழிறங்குவார்கள். அவர்களைப் பெயர் குறிப்பிடாமல் விட்டால், கேட்காமலே எங்கள் மூப்பைக் குறைத்தீர்கள் என்று அவர்கள் சொல்ல இடம் உண்டு. அந்தக் காரணத்துக்காகவே நல்ல மனுக்கள் விழுந்திருக்கின்றன. அதனால் 49 பேருமே சேர்க்கப்பட்டனர். அத்தனை பேருக்கும் மனுவும் இணைப்புகளும் பிரதி எடுத்துப் பதிவுத் தபாலில் அறிவித்தல் அனுப்புவது செலவும் அலைச்சலும்தான். நவம்பரில் 11 பேர் அத்தியட்சகர்களானபோது, அவர்களில் முன்பு சேர்க்கப்படாதவர்களும் பிரேரணை மூலம் சேர்க்கப்பட்டார்கள்.

மனுவில் கேட்ட நிவாரணமும் கவனமாகச் சுருக்கப்பட்டது. 11 பேரின் நியமனத்தை இரத்துச் செய்யும்படி கேட்கப்படவில்லை. மனுதாரரைப் பதவி உயர்த்தும்படி நீதிமன்றத்தையும் கேட்கவில்லை. திகதியைத் திருத்தும்படியும், திருத்திய திகதியின் அடிப்படையில் நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும்படியும் ஆணைக்குழுவுக்குப் பணிக்குமாறுதான் கேட்கப்பட்டது. பிறருடைய பதவியைப் பறிக்கச் சொல்லும் மனுவுக்கும் தன் இடத்தை மட்டும் கேட்கும் மனுவுக்கும் நீதிமன்றம் காட்டும் முகம் வேறு.

புதுக்கடையில்

புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றத்தில் முதல் தவணையில் ஒரு வெற்றிடத்தை நிரப்பாது வைக்க இடைக்காலக் கட்டளை கேட்கப்பட்டது. கட்டளை கிடைக்கவில்லை. ஆனால் நியமனங்கள் மனுவின் இறுதித் தீர்ப்புக்கு உட்பட்டவை என்று சட்டமா அதிபர் சார்பில் தெரிவிக்கப்பட்டு, அது வழக்கேட்டில் பதிவானது. நியமனக் கடிதங்களிலும் அந்த வாசகம் சேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, நியமனம் பெற்றோர் நாங்கள் எதையும் அறியோம் என்று சொல்ல முடியாமற்போனது இந்த ஒரு பதிவால்தான். 2020 பெப்ரவரியில் 12(1) ஆம், 12(2) ஆம் உறுப்புரைகளின் கீழ் மனுவைத் தொடர அனுமதி கிடைத்தது. தீர்ப்பு 2023 மே மாதத்தில் வந்தது.

பிரதிவாதிகள் மூன்று விடயங்களைச் சொன்னார்கள். முதலாவது காலம். மீறல் இருந்தால் அது 2016 மார்ச் கடிதத்தில்தான் நிகழ்ந்தது, மூன்றரை ஆண்டு கழித்து வந்த மனுவை எடுக்கவே கூடாது என்றார்கள். இரண்டாவது, பரீட்சை 2006 இலும் 2007 இலும் நடந்திருக்கிறது, நடத்தாதிருந்தால்தான் உபபிரிவு 3 வரும். மூன்றாவது, மற்றொரு தமிழ் உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதிச் சித்தியடைந்திருக்கிறார், இவரும் எழுதியிருக்கலாம்.

பிரயோகித்த விதி

காலம் பற்றிய வாதத்தை நீதிமன்றம் பாதி ஏற்றது. 2016 கடிதத்தை நேரடியாகக் கேள்விக்குட்படுத்தும் காலம் போய்விட்டது என்றது. ஆனால் மனு கேள்விக்குட்படுத்துவது ஆணைக்குழு 2019.08.05 இல் எடுத்த முடிவை. ஆணைக்குழு மேன்முறையீட்டைக் காலம் கடந்தது என்று தள்ளாமல், அரசியலமைப்பு தனக்குத் தந்த அதிகாரத்தின் கீழ் தகுதி அடிப்படையில் ஆராய்ந்து ஒரு விளக்கத்தைக் கொடுத்துத் தீர்மானித்தது. அந்தத் தீர்மானமே தனியான நிறைவேற்றுச் செயல், கடிதம் கிடைத்து மனுதாரர் அதை அறிந்த நாளிலிருந்து ஒரு மாதம் தாண்டவில்லை. இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. ஆணைக்குழு அதே மேன்முறையீட்டை ஒரு வரியில் காலம் கடந்தது என்று நிராகரித்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். மேன்முறையீட்டுக்குப் பதில் வரும் நாளிலிருந்து எப்போதும் புதிதாக ஒரு மாதம் கிடைக்கும் என்று இந்தத் தீர்ப்பை வாசிக்க முடியாது.

அடுத்தது தீர்ப்பின் மையம். உபபிரிவு 3 இல் உள்ள 'பரீட்சை நடத்தப்படாதிருந்தால்' என்பதற்கு என்ன பொருள்? எவருக்கு நடத்தப்படாதிருந்தால்? நீதிமன்றம் மூன்று உபபிரிவுகளையும் ஒன்றாக வைத்து வாசித்தது. முதலாவது உபபிரிவு உத்தியோகத்தர் மீது ஒரு கடமையைச் சுமத்துகிறது. இரண்டாவது அந்தக் கடமை தவறினால் வரும் விளைவைச் சொல்கிறது. மூன்றாவது, கடமையைச் செய்ய வாய்ப்பே தரப்படாதவரை அந்த விளைவிலிருந்து காக்கிறது. ஆகவே நடத்தப்பட்டதா என்ற கேள்வியை அந்த உத்தியோகத்தரின் இடத்தில் நின்று கேட்க வேண்டும். தமிழில் தோற்றும் உரிமையைத் திட்டமே கொடுத்திருக்கிறது. தமிழில் வினாத்தாள் இல்லாத பரீட்சை, தமிழில் தோற்ற உரிமை உள்ளவரைப் பொறுத்தவரை நடத்தப்படாத பரீட்சைதான். பின்னர் நடத்தப்படும் என்று திணைக்களமே 2006.10.23 கடிதத்தில் எழுதிவிட்டு, 2019 இல் அது நடத்தப்பட்டிருந்தது என்று சொல்ல முடியாது. முடியாததைச் செய்யச் சட்டம் எவரையும் வற்புறுத்தாது என்ற பழைய கோட்பாட்டையும் நீதிமன்றம் துணைக்கு எடுத்தது. ஆனாலும் தீர்ப்பு தங்கி நின்றது திட்டத்தின் சொற்களில்தான்.

சிங்களத்தில் எழுதிய சக உத்தியோகத்தரைக் காட்டிய வாதத்துக்குப் பதில் சுருக்கமாக வந்தது. ஒருவர் தன் உரிமையை விட்டுக்கொடுத்தார் என்பது மற்றவரும் விட்டுக்கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று காட்டாது. மனுதாரர் இரு முறையும் தமிழில் விண்ணப்பித்ததற்கு ஆவணம் உண்டு. விண்ணப்பிக்காமலே இருந்திருந்தால் இந்தப் பதில் அவருக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். பெறுகை முத்திரை விழுந்த அந்த 2007 பிரதியின் பெறுமதி இங்குதான்.

சமமற்றவர்களைச் சமமாக நடத்தியதும் 12(1) இன் மீறலே என்ற அடிப்படையில், மனுதாரரின் சட்டத்தின் முன் சமத்துவம் மீறப்பட்டதாக நீதிமன்றம் பிரகடனம் செய்தது. மொழி காரணமான பாகுபாடு என்ற 12(2) கோரிக்கை பற்றித் தீர்ப்புச் சொல்ல அவசியம் இல்லை என்று விட்டுவிட்டது. மொழிபெயர்ப்பாளர் இல்லை என்ற குறிப்பில் அலட்சியம் தெரிகிறது, பகை தெரியவில்லை என்று வாதத்தின்போது ஒரு நீதியரசர் சொல்லியிருந்தார். தமிழ் வாசகர் பலருக்கு இந்த இடம் திருப்தி தராது. வழக்கு வெல்ல 12(1) போதுமாக இருந்தது என்பதுதான் நடைமுறை.

வழங்கிய நிவாரணம்

2 ஆம் தரப் பதவி உயர்வை 2014.06.01 இலிருந்து அமுலுக்கு வருமாறு முற்திகதியிடவும், போட்டிப் பரீட்சை வரிசைப்படி மூப்புப் பட்டியலைத் திருத்தவும் ஆணைக்குழு பணிக்கப்பட்டது. அத்தியட்சகர் பதவிக்கு 2019 இல் பயன்படுத்திய அதே புள்ளித் திட்டத்தின் கீழ், 2019.07.31 இல் இருந்த தகைமைகளை மட்டும் கணக்கில் எடுத்து, மனுதாரரை நேர்முகப் பரீட்சைக்கு அழைக்க வேண்டும். அன்று நியமனம் பெற்ற கடைசி நபரின் புள்ளியை அவர் எட்டினால், அவர்களின் நியமனத் திகதியாகிய 2019.11.01 இலிருந்து நியமனம் வழங்க வேண்டும். ஏற்கெனவே நியமிக்கப்பட்ட 11 பேரும் பாதிக்கப்படக் கூடாது. வழக்குச் செலவாக 50,000 ரூபாய் அரசு செலுத்த வேண்டும்.

பணம் பற்றிய பகுதியில் நீதிமன்றம் இறுக்கமாக இருந்தது. மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் 2014.06.01 முழுமையாகக் கணக்கில் வரும். 2 ஆம் தரத்தின் நிலுவைச் சம்பளம் மட்டும் மனுத் தாக்கல் செய்த 2019.09.09 இலிருந்துதான். 2016 இலிருந்து 2018 வரை மனுதாரர் ஒரு நினைவூட்டலுடன் இருந்ததை அதற்குக் காரணமாகச் சொன்னது. அத்தியட்சகராக உண்மையில் கடமையேற்கும் நாள் வரை அந்தப் பதவிச் சம்பள நிலுவையும் இல்லை. வேலை செய்யாத பதவிக்குச் சம்பளம் இல்லை என்ற நியாயம். ஆனால் கடமையேற்கும் நாளில் 2019.11.01 இலிருந்தே அந்தப் பதவியில் இருந்தவர் போலச் சம்பளப் படிநிலை கணிக்கப்பட வேண்டும். ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் தங்கியிருப்பதால், நீண்டகாலத்தில் நிலுவையைவிட இந்த வரிக்குத்தான் அதிக மதிப்பு.

தீர்ப்புக்குப் பின்

அத்தாட்சிப்படுத்திய பிரதி கையில் வந்ததும், பத்தரமுல்லையிலுள்ள ஆணைக்குழுச் செயலாளருக்கும் அமைச்சின் செயலாளருக்கும் திணைக்களத் தலைவருக்கும் ஒரே நாளில் கடிதம் போனது. பணிப்புரைகள் ஒவ்வொன்றுக்கும் எந்த அலுவலகம் என்ன செய்ய வேண்டும், எந்தக் கடிதத்தின் எந்தத் திகதி திருத்தப்பட வேண்டும் என்று அதில் ஒரு பக்க அட்டவணை இணைக்கப்பட்டது. தீர்ப்பை மட்டும் அனுப்பினால், அது சட்டப் பிரிவுக்குப் போய் அபிப்பிராயத்துக்காகக் காத்திருக்கும். அட்டவணை நேரே விடய எழுதுநரின் மேசைக்குப் போகும்.

2 ஆம் தரத் திருத்தக் கடிதம் செப்ரெம்பரில் வந்தது. முதல் வரைவில் பதவி உயர்வுத் திகதி மட்டும் மாறியிருந்தது, சம்பள ஏற்றத் திகதி நவம்பர் 15 ஆகவே கிடந்தது. சுட்டிக்காட்டியதும் ஜூன் 1 ஆகத் திருத்தினார்கள். முற்திகதியிட்ட கடிதம் எது வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது திகதியைத்தான். அதை விட்டால் ஒவ்வோர் ஆண்டும் ஐந்தரை மாதச் சம்பள ஏற்றம் போய்க்கொண்டே இருக்கும்.

நேர்முகப் பரீட்சை நவம்பரில் நடந்தது. 2019 இன் கடைசிப் புள்ளி 61, மனுதாரர் பெற்றது 66. நியமனம் மட்டும் மேலும் நான்கு மாதம் இழுபட்டது. 2019 இல் பதவி 11 தான், அதில் 11 பேரும் இருக்கிறார்கள். 12 ஆவது நபருக்கு 2019.11.01 இலிருந்து இடம் வேண்டுமென்றால், முதல் வெற்றிடம் ஏற்பட்ட நாள் வரை அவருக்கு மட்டுமே உரிய மேலதிகப் பதவி ஒன்றுக்குத் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அங்கீகாரம் தேவை. திணைக்களம் அதைக் கேட்க மறந்திருந்தது. நியமனக் கடிதம் 2024 மார்ச்சில் கிடைத்தது.

மாற வேண்டியவை

உத்தியோகத்தர் பக்கத்தில், செயற்பட வேண்டிய நாள் பதவி உயர்வுக் கடிதம் கிடைத்த நாள். மூப்புப் பட்டியல் வரும் வரை காத்திருந்தது இந்த வழக்கை ஏறத்தாழ இழக்க வைத்தது, நிலுவைச் சம்பளத்தில் ஒரு பகுதியை இழக்கவே வைத்தது. கடிதத்தில் உள்ள திகதி தொகுதியினரின் திகதியிலிருந்து வேறுபட்டால், வேறுபாட்டை ஆண்டு, மாதம், நாளாகக் கணக்கிட்டு, அந்த எண் கோவையில் வேறெந்த இடைவெளியுடன் பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். இங்கே 1 ஆண்டு 5 மாதம் 14 நாள் பரீட்சையைக் காட்டிக்கொடுத்தது. சம்பளமற்ற விடுமுறை, பிற்போடப்பட்ட சம்பள ஏற்றம், இரண்டாம் அரச கரும மொழித் தேர்ச்சி ஆகியவையும் இதே வகையில் திகதியைத் தள்ளும். காரணம் தெரிந்தால்தான் எந்த உபபிரிவின் கீழ் மேன்முறையீடு எழுதுவது என்பது தெரியும்.

மேன்முறையீட்டை எழுதும்போது உபபிரிவின் சொற்களை அப்படியே எடுத்து எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஆவணத்தை வைக்க வேண்டும். மனுதாரரின் 2016 முறைப்பாடு தனக்கு அநீதி நடந்தது என்று இரண்டு பக்கம் சொன்னது, உபபிரிவு 3 ஐ ஓரிடத்திலும் குறிப்பிடவில்லை. 2018 மேன்முறையீடு அதைக் குறிப்பிட்டதால்தான் ஆணைக்குழு அதற்கு விளக்கம் சொல்ல நேர்ந்தது. அந்த விளக்கம்தான் பின்னர் கேள்விக்குட்படுத்தக்கூடிய முடிவாயிற்று.

திணைக்களத்தின் பக்கத்தில் திருத்தம் சிறியது. தடைதாண்டல் பரீட்சை அறிவித்தலில் எந்த மொழிமூலத்தில் வினாத்தாள் இல்லை என்பதைக் குறிப்பிட்டு, அந்த மொழிமூல உத்தியோகத்தர்களின் சுயவிபரக் கோவையில் அன்றே ஒரு குறிப்புச் சேர்த்தால், பத்தாண்டு கழித்துப் பதவி உயர்வுக் கடிதம் தயாரிக்கும் எழுதுநர் அதைக் காண்பார். இத்தகைய குறிப்பை இப்போது அந்தத் திணைக்களம் சேர்க்கிறது.

2006 இல் தமிழில் விண்ணப்பித்த நால்வரில் ஒருவர் சிங்களத்தில் எழுதினார், ஒருவர் சேவையை விட்டு விலகினார். எஞ்சிய இருவரில் மற்றவர் 2016 இலும் 2018 இலும் எதுவும் எழுதியிருக்கவில்லை. தீர்ப்பு அவரைக் கட்டுப்படுத்தவும் இல்லை, அவருக்கு நிவாரணம் வழங்கவும் இல்லை. தீர்ப்பின் பிரதியை இணைத்து 2023 இறுதியில் அவர் ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்தார். ஆணைக்குழு அவருடைய 2 ஆம் தரத் திகதியை 2014.06.01 ஆகத் திருத்தியது, நிலுவையை மறுத்தது. அவர் 2019 இல் அத்தியட்சகர் பதவிக்கு விண்ணப்பிக்காததால் அது பற்றிய கேள்வி எழவில்லை.